இளநீர், கஞ்சி, உப்பு மோர் எல்லாம் வீட்டிலேயே இருக்கும்போது வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலம் எதற்கு?

போன சித்திரையில் என் அப்பாவுக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு பேதி பிடித்தது. வயது 72, ரத்தக் கொதிப்பு வேறு. அதனால் கஞ்சியிலும் மோரிலும் உப்பே போடாமல் கொடுத்தோம். போன சத்தையெல்லாம் இளநீர் ஈடுகட்டிவிடும் என்று ஒரு நாளைக்கு ஐந்தாறு காய் வெட்டினோம். மூன்றாம் நாள் காலை என்னைச் சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்தால் சோடியம் 121. குறைந்தது 135 இருக்க வேண்டும்.

தண்ணீர் போதவில்லை என்று சொல்ல முடியாது, நிறையவே குடித்தார். பேதியோடு போன உப்புதான் திரும்ப வரவில்லை. இளநீரில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், சோடியம் ரொம்பக் கொஞ்சம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே ஆபத்து. சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கிவைக்கும்.

ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன. குடல் சுவரில் இந்த இரண்டும் ஜோடியாகத்தான் உள்ளே நுழையும், பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியிலும் அந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1971இல் பங்களாதேஷ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மகாலானபிஸ் இதை நம்பித்தான் உப்பு, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துப் பலரைக் காப்பாற்றினார்.

கஞ்சியின் மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாக உடையும். அதனால் உப்புப் போட்ட நீர்க்கஞ்சி நல்ல பானம்தான். லிட்டருக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 3 கிராம், போதும். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. மோருக்கும் இதே கணக்கு. பேதி ஆரம்பித்ததும், ஆள் தெளிவாக இருந்து சிறுநீர் ஒழுங்காகப் போகும்வரை இவை போதும். ஆனால் பொட்டாசியம் கஞ்சியில் குறைவு, உப்போ ஆளுக்கு ஆள் கை அளவு மாறும்.

நாக்கு வறண்டு, கண் குழிந்து, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனால் ஓஆர்எஸ்தான். முழுப் பொட்டலத்தையும் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். சர்க்கரை சேர்க்க வேண்டாம், 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போன பிறகும் பெரியவருக்கு ஒரு டம்ளர், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு இன்னும் மெதுவாகக் கொடுங்கள். குடிப்பதெல்லாம் வாந்தியாகப் போனாலோ, ரத்தம் கலந்து போனாலோ, ஆள் அசந்து கிடந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

அப்பாவின் பேச்சு தெளிய இரண்டு நாள் ஆனது. பேதி நிற்கும்வரை உப்புக் கட்டுப்பாட்டை ஓரமாக வையுங்கள் என்று டாக்டர் எங்களைத்தான் திட்டினார். பிரஷர் மாத்திரையையும் அந்த நாட்களுக்கு அவரே மாற்றிக் கொடுத்தார்.