‘LTE only’ வைத்த பிறகு அழைப்பு வருவதில்லை: போனில் கோளாறா?

கேள்வி: நாலு மாதம் முன்பு 5ஜி போன் வாங்கினேன். வீட்டுக்குள் வந்தால் 5ஜி வருவதும் போவதுமாக இருக்கிறது, சாயங்காலத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. ரீசார்ஜ் கடைத் தம்பி ஏதோ நம்பர் அடித்து LTE only என்று வைத்துக் கொடுத்தார். நெட் நன்றாக ஓடுகிறது. ஆனால் யார் கூப்பிட்டாலும் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வருகிறதாம். போனையே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?
— ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: இப்போதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். தம்பி மாற்றிய செட்டிங்தான் அழைப்பை நிறுத்தியிருக்கிறது என்று தோன்றுகிறது.

LTE என்பது 4ஜியின் இன்னொரு பெயர். 4ஜி என்பது அடிப்படையில் டேட்டாவுக்காகக் கட்டப்பட்ட நெட்வொர்க். அதில் பேச இரண்டு வழிதான். ஒன்று, குரலையும் டேட்டாவாகவே அனுப்பும் வோல்ட்டி. அது இல்லையென்றால் அழைப்பு வரும் நொடியில் போன் 4ஜியை விட்டு 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கும், பேசி முடித்ததும் மேலே ஏறிவிடும். ஆட்டோ முறையில் இது தானாக நடப்பதால் நாம் கவனிப்பதே இல்லை. உங்கள் போனில் வோல்ட்டி அணைந்திருக்க வேண்டும். இத்தனை நாளும் 2ஜிக்கு இறங்கித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். LTE only வைத்ததும் இறங்கும் வழி அடைபட்டது. நெட் ஓடும், அழைப்பு வராது. உங்கள் சிம் ஜியோவாக இருக்காது என்றும் ஊகிக்கலாம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டுமே கிடையாது. அதில் வோல்ட்டி இல்லாமல் முதல் நாளிலேயே பேச முடிந்திருக்காது.

முதல் வேலையாக, செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய் VoLTE அல்லது 4G calling என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். திரையின் மேல் ஓரத்தில் VoLTE குறி வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் வீட்டில் இன்னொருவர் போனிலிருந்து உங்களை அழைக்கச் சொல்லி, பேசிக்கொண்டே மேலே கவனியுங்கள். 4ஜி குறி அப்படியே நின்றால் வோல்ட்டி வேலை செய்கிறது. 2ஜியைக் காட்டும் E அல்லது 3ஜியைக் காட்டும் H என்று மாறினால் அழைப்பு இன்னும் கீழே இறங்கித்தான் போகிறது. இந்தச் சோதனையை ஆட்டோ முறையில் வைத்துச் செய்யுங்கள், LTE only-யில் இறங்க இடமே இல்லை.

தம்பி அடித்தது அநேகமாக இந்த எண்ணாக இருக்கும்:

```
*#*#4636#*#*
```

இது ஆண்ட்ராய்டில் சோதனை செய்பவர்களுக்கான பக்கம். எல்லா கம்பெனி போனிலும் திறக்காது. திறந்தாலும் பல போன்களில் ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிடும். அந்தப் பட்டியலில் NR only என்றும் ஒன்று இருக்கும். ‘5ஜி மட்டும்தானே, வேகமாக இருக்குமே’ என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது LTE only அல்ல. சாதாரண செட்டிங்ஸிலேயே Preferred network type அல்லது Network mode என்ற இடத்தில் LTE/3G/2G என்று ஒரு வரி இருக்கும். சில போன்களில் வெறும் 4G என்றிருக்கும். பார்வைக்கு LTE only மாதிரியே தெரிந்தாலும் இது வேறு. 5ஜியை மட்டும் நிறுத்தும், கீழே இறங்கும் வழியைத் திறந்தே வைக்கும். ஐபோனில் Voice & Data பகுதியில் உள்ள LTE-யும் இந்த வகைதான். அங்கே 5G Auto வைத்தால், 5ஜியால் பெரிய பலன் இல்லாத நேரத்தில் போனே 4ஜிக்கு மாறிக்கொள்ளும்.

சரி, சார்ஜ் ஏன் கரைந்தது? இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ஏர்டெல் அதை ஏற்கெனவே இருந்த 4ஜியின் மேல் ஏற்றி அமைத்தது. போன் 4ஜி இணைப்பைப் பிடித்துக்கொண்டே 5ஜியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஜியோ தனி 5ஜியாகவே போட்டது. முதல் வகையில் இரண்டு ரேடியோ ஒன்றாக ஓடுவதால் பேட்டரிச் செலவு கூடும். அந்த வகை நெட்வொர்க்கில் NR only வைத்தால் அடியில் இருக்கும் 4ஜியே போய்விடும், சிக்னலே காணாமல் போகும். தனி 5ஜியிலும், பேசுவதற்கு 4ஜிக்கு இறங்க வேண்டிய இடங்களில் அழைப்பு சிக்கலாகும்.

இதற்கு மேல், 5ஜி பெருமளவில் ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்ட ரொம்பவே சிரமப்படும். வாசலில் நன்றாக இருக்கும், கான்கிரீட் வீட்டின் உள் அறையில் இழுத்துக்கொண்டிருக்கும். போன் 5ஜியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் சார்ஜ் தங்காது. உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். இப்படி விளிம்பில் இருக்கும் இடத்தில்தான் 4ஜிக்கு மாற்றுவது பலன் தரும். 5ஜி நிலையாகக் கிடைக்கும் இடத்தில் மாற்றினால் வேகம்தான் குறையும்.

மாற்றும் முன் ஊகத்தை விட்டு எண்ணைப் பாருங்கள். About phone-இல் SIM status-க்குள் Signal strength என்று மைனஸில் ஒரு எண் dBm-இல் இருக்கும். மைனஸ் 85 பக்கம் என்றால் நல்ல சிக்னல், மைனஸ் 110-ஐத் தாண்டினால் மோசம், மைனஸ் 120-இல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நீங்கள் அதிகம் உட்காரும் இடத்தில் ஆட்டோவில் ஒரு முறை, 4ஜியில் ஒரு முறை பாருங்கள். ஆட்டோவில் 5ஜி மைனஸ் 115-இல் தொங்கிக்கொண்டு, 4ஜி மைனஸ் 92-இல் நின்றால் யோசிக்கவே வேண்டாம், 4ஜிதான். கட்டங்களை நம்பாதீர்கள், எத்தனை கட்டம் காட்டுவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது.

ஒரு செலவுக் கணக்கும் இருக்கிறது. ‘அன்லிமிடெட் 5ஜி’ தரும் திட்டத்தில் 5ஜியில் ஓடும் டேட்டா தினசரி அளவில் கழியாது, 4ஜியில் ஓடுவது கழியும். ஒரு நாளைக்கு 2 ஜிபி திட்டம் என்றால், 4ஜிக்கு மாறிய அன்று வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துவிடலாம். வீட்டில் வைஃபை இருந்தால் இந்தக் கவலை இல்லை. இல்லையென்றால் வீட்டில் 4ஜி, வெளியே போகும்போது ஆட்டோ என்று மாற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் தொல்லைதான்.

LTE only-க்கும் ஒரு இடம் உண்டு. 4ஜி மெல்லிசாகவாவது இருக்கும் இடத்தில் போன் அடிக்கடி E-க்குச் சரிந்து, நெட் நின்றுவிடுகிறது என்றால் அது பிடித்து நிறுத்தும். வோல்ட்டி நன்றாக வேலை செய்கிறது என்று சோதித்த பிறகே வையுங்கள். அதைவிட, உங்கள் ஆண்ட்ராய்டில் Allow 2G என்ற சுவிட்ச் இருந்தால் அதை அணைப்பது மேல். அவசர அழைப்புக்கு மட்டும் 2ஜியை அது விட்டுவைக்கும்.

கடைக்குப் போகும் நிலை எப்போது வரும் என்றால், உங்கள் சிம்மை வேறொரு 5ஜி போனில் போட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து dBm எண்ணைப் பாருங்கள். அதிலும் அதே அளவு மோசம் என்றால் குறை டவரிலோ சுவரிலோ இருக்கிறது. அந்த போனில் நன்றாக இருந்து, உங்களுடையதில் வாசலில் நின்றும் மோசமாகவே இருந்தால், இரண்டு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.