பெர்ஷியன் பூனையின் சடையும் நாக்கிலுள்ள முள்ளும்

கேள்வி: எங்கள் பெர்ஷியன் பூனைக்கு மூன்று வயது. எந்நேரமும் உடம்பை நக்கிக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனாலும் அக்குளிலும் வயிற்றிலும் முடி சடைபிடித்துவிடுகிறது. தண்ணீரும் ரொம்பக் குறைவாகக் குடிக்கிறாள். நாக்கு முள் தேய்ந்துவிட்டதுதான் இரண்டுக்கும் காரணம் என்று சொல்லி, சிக்கெடுக்கவும் உண்ணி போகவும் ஒரு ஸ்பிரே தருகிறார் கடைக்காரர். அடிக்கலாமா?

பதில்: அடிக்க வேண்டாம். முள்ளும் தேய்ந்துபோகவில்லை. நம் நகம் போலவே அதுவும் கெரட்டினால் ஆனது. மேலே தேயத் தேய அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும்.

நாக்கின் நடுப்பகுதியில் உள்ள பெரிய முட்கள் சுமார் 2 மில்லிமீட்டர் நீளம். எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் கரண்டி போல ஒரு குழிவு உண்டு. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அந்தக் குழிவு வாயிலிருந்து எச்சிலை எடுத்துக்கொண்டுபோய் முடியின் வேர்ப்பக்கத்தில் விடுகிறது. நாக்கை இழுக்கும்போது முள் சிக்கில் மாட்டினால், நிமிர்ந்துகொண்டு சிக்கைப் பிரிக்கிறது.

நாக்கு அழுத்தும்போது முடி படியும். படிந்த பிறகு மிஞ்சும் தடிமனைவிட முள் நீளமாக இருந்தால்தான் தோலைத் தொட முடியும். சாதாரண வீட்டுப் பூனைக்கு அது எட்டிவிடுகிறது. பெர்ஷியனுக்கோ, எவ்வளவு அழுத்தினாலும் அடிமுடி முள்ளைவிடத் தடிமனாகவே நிற்கிறது. மனிதர்கள் நீள முடிக்காகவே தேர்ந்து வளர்த்த இனம் அது. நாக்கு மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. ஆகவே அந்தக் குறையை உங்கள் கைதான் நிரப்ப வேண்டும்.

அகலப் பல் உள்ள உலோகச் சீப்பால் தினமும் வாருங்கள். சடை விழுந்த இடத்தில், தோலை ஒட்டி முடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் சோள மாவு தூவி, நுனியிலிருந்து வேரை நோக்கிச் சிறிது சிறிதாகப் பிரியுங்கள். சடையோடு குளிப்பாட்டாதீர்கள்; நனைந்தால் இன்னும் இறுகிவிடும். கத்தரிக்கோலும் கூடாது. பூனையின் தோல் மெல்லியது, சடையோடு சேர்ந்து மேலே எழும்பி வரும். முடியென்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவீர்கள். தோலோடு ஒட்டிவிட்ட சடையைக் கால்நடை மருத்துவர் கிளிப்பரால் எடுக்கட்டும்.

இனி அந்த ஸ்பிரே. முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால், மாட்டியதைத் துப்ப பூனையால் எளிதில் முடியாது. முடியில் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குத்தான் போகும். நாய்க்கான பல உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய் தாங்கும், பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. உடல் நடுங்கி, வலிப்பு வந்து செத்தும் போகும். இந்த எச்சரிக்கை டப்பாவில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் வாங்குபவர் எப்படிப் படிப்பார்? செல்லப்பிராணிக் கடைகளுக்கு 2018 முதல் மத்திய அரசின் விதிகள் இருக்கின்றன. கல்லாவில் உட்கார்ந்து மருந்து சொல்பவரை யார் கேட்கிறார்கள்? ஏற்கெனவே அடித்திருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். பூக்கட்டும் நூலையும் தரையில் போடாதீர்கள். நாக்கில் மாட்டினால் குடல் வரை போய்ச் சுருட்டிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்கவே கூடாது.

தண்ணீருக்கும் முள்ளுக்கும் நீங்கள் நினைக்கும் தொடர்பு இல்லை. முள்ளால் பூனை தண்ணீரை அள்ளுவதில்லை. முள்ளில்லாத வழுவழுப்பான நுனியைப் பின்பக்கம் மடக்கி, நீர்ப்பரப்பை லேசாகத் தொட்டுச் சட்டென்று தூக்குகிறது. கூடவே ஒரு நீர்த்தூண் எழும்பும். அது விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 0.14 மில்லி, நொடிக்கு ஏறக்குறைய நான்கு தடவை.

உங்கள் பூனை 4 கிலோ என்று வைத்துக்கொண்டால், உணவிலுள்ள ஈரத்தையும் சேர்த்து நாளுக்குச் சுமார் 200 மில்லி வேண்டும். ஈர உணவு 200 கிராம் தந்தால் அதிலேயே ஏறக்குறைய 150 மில்லி வந்துவிடுகிறது. மீதி 50 மில்லியை ஒன்றரை நிமிட நக்கலில் முடித்துவிடுவாள்; உங்கள் கண்ணில் படாமலே போகலாம். உலர் உணவு மட்டும் என்றால் கிட்டத்தட்ட முழுவதையும் கிண்ணத்திலிருந்தே குடித்தாக வேண்டும். அப்போது குறைவாகக் குடிப்பது கவலைக்குரியது; ஈர உணவைச் சேருங்கள்.

நாக்கே கெட்டுப்போகும் நிலையும் உண்டு. கேலிசி வைரஸ் தொற்றினால் நாக்கில் புண் வந்து, அந்த இடத்தில் முட்கள் உதிர்ந்து சிவந்து வழுக்கையாகத் தெரியும். ஆனால் அந்தப் பூனை எந்நேரமும் நக்காது. நக்குவதையே நிறுத்திவிடும், எச்சில் ஒழுகும், வாய் நாறும், கிண்ணத்தருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். நேற்றுவரை நக்கியவள் இன்று நக்கவில்லை என்றால், உதட்டைத் தூக்கி நாக்கின் ஓரங்களைப் பாருங்கள். சிவப்புத் திட்டு தெரிந்தாலும், வாயைத் திறக்கவே விடவில்லை என்றாலும் மருத்துவமனைதான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.