காவடிக் காட்சியில் சீப்புக் கோடு: 4கே என்று சொன்னால் காசை எடுக்காதீர்கள்

"அப்பா 2001 தைப்பூசத்தில் காவடி எடுத்ததை மாமா மினிடிவி கேம்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். கடையில் கொடுத்து எம்பி4 ஆக்கி வாங்கினேன். புது டிவியில் போட்டால், காவடி ஆடும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக வருகிறது. இன்னும் 180 வெள்ளி கொடுத்தால் 4கே ஆக்கிச் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? அம்மா டிவியிலிருந்து விஎச்எஸ்ஸில் பதிவு செய்த பழைய படம் ஒன்றும் இருக்கிறது. அதற்கும் இதே வைத்தியம்தானா?"

கொடுக்காதீர்கள். இப்போதைக்கு ஒரு வெள்ளிகூட வேண்டாம். முதலில் அந்தக் கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா, இல்லை காட்டும் விதம்தான் தப்பா என்று பார்க்க வேண்டும். அதை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சிங்கப்பூரில் விற்ற கேம்கார்டர்கள் பால் என்ற டிவி ஒளிபரப்பு முறையில் பதிவு செய்தவை. நொடிக்கு 25 படம், ஒவ்வொன்றிலும் 576 கிடைக்கோடுகள். ஆனால் அந்த 576 கோட்டையும் கேமரா ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. ஒன்றுவிட்டு ஒரு கோடாக ஒரு பாதியையும், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மறு பாதியையும் பிடிக்கும். இந்தப் பாதிகளுக்கு ஃபீல்டு என்று பெயர், இப்படிப் பாதி பாதியாகப் பிடிப்பதற்கு இன்டர்லேஸ் என்று பெயர். பழைய குழாய் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரைந்தது, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இன்றைய திரை இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது. அப்பா அசையாமல் நிற்கும்போது இரண்டு பாதியும் பொருந்திவிடும். அவர் திரும்பும் அந்தக் கணத்தில் மயிலிறகு ஒரு பாதியில் இங்கேயும் மறு பாதியில் சற்றுத் தள்ளியும் இருக்கிறதே, அந்த வித்தியாசம்தான் உங்கள் சீப்புக் கோடு.

சரி, சோதனைக்கு வருவோம். கணினியில் விஎல்சியில் கோப்பைத் திறந்து `Video > Deinterlace` போய் `On` கொடுங்கள், அதற்குக் கீழே `Deinterlace mode` என்பதில் `Yadif (2x)` தேர்ந்தெடுங்கள். காவடி சுழலும் இடத்தில் கோடு மறைந்து ஆட்டமும் வழுக்கிக்கொண்டு போனால் கோப்பு நன்றாகவே இருக்கிறது. கடையில் எம்பி4 ஆக்கும்போது "இது இன்டர்லேஸ் படம்" என்ற குறிப்பை விட்டுவிட்டார்கள், அதனால் டிவிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். டிவி தயாரிப்பவர்களும் யுஎஸ்பியில் போடும் கோப்புக்கு இதைக் கையால் முடுக்க ஒரு பொத்தான் வைத்திருக்கலாம், பெரும்பாலானவற்றில் அதைத் தேடிச் சலிப்பதுதான் மிச்சம்.

கோடு மறையவில்லையென்றால் விஎல்சியிலேயே `Tools > Codec Information` பாருங்கள். 720x576 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1920x1080 என்று இருந்தால் விஷயம் புரிந்துவிடும். ஃபீல்டைப் பிரிக்காமலேயே படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 576 கோட்டை 1080க்கு இழுத்தால் இரண்டு பாதிகளின் கோடுகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடும், பற்கள் ஒரு கோட்டுத் தடிமனில் இல்லாமல் தடித்தும் மங்கியும் பட்டைபட்டையாகத் தெரியும். அதற்கப்புறம் எந்த மென்பொருளாலும் ஒழுங்காகப் பிரிக்க முடியாது. 720x480 என்று இருந்தாலும் அதே கதைதான், மலிவான யுஎஸ்பி கேப்சர் குச்சியின் அமைப்பைப் பாலுக்கு மாற்றாமல் அப்படியே செருகிப் பிடித்திருப்பார்கள், 576 கோட்டை 480க்குள் நசுக்கியிருப்பார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கோடு வந்ததே கடையின் வேலையால், அதைச் சரிசெய்கிறேன் என்று அதே கடை மறுபடி காசு கேட்கிறது. 4கே என்பது பெரிதாக்குவது மட்டும்தான். கோட்டோடு பெரிதாக்கினால் கோடும் பெரிதாகும். சிலர் இரண்டு பாதியையும் கலந்து கோட்டை மறைத்துக் கொடுப்பார்கள், முதல் பார்வைக்கு நன்றாக இருக்கும், படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், அப்பாவுக்கு இரண்டு கை கூடுதலாக நிழல்போலத் தெரியும். இதையெல்லாம் ரசீதில் ஒரு வரி எழுத வேண்டும் என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை, "டிஜிட்டல் மாற்றம்" என்று மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

கோப்பு 720x576ஆக இருந்து, விஎல்சி சோதனையிலும் தேறிவிட்டால், எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் இந்த ஒரு கட்டளை போதும்:

```
ffmpeg -i kavadi.mp4 -vf "bwdif=mode=send_field:parity=bff,scale=768:576,setsar=1" -c:v libx264 -crf 16 -c:a copy kavadi50.mp4
```

`send_field` என்பது ஒவ்வொரு பாதியையும் ஒரு முழுப்படமாக்கி நொடிக்கு 50 படம் தரும். `send_frame` போட்டால் 25தான் வரும், கோடு போய்விடும், ஆனால் கேமரா பிடித்த அசைவில் பாதியும் போய்விடும். காவடி ஆட்டத்தில் அது கண்ணுக்கு நன்றாகவே தெரியும். `parity=bff` என்பது எந்தப் பாதி முந்தியது என்பதைச் சொல்கிறது. மினிடிவியில் கீழ்ப்பாதி முதலில் வரும். மென்பொருளிடமே விட்டால், கோப்பில் குறிப்பு இல்லாதபோது அது மேல்பாதி முதல் என்று எடுத்துக்கொள்ளும். தப்பாகப் போட்டால் எப்படித் தெரியும்? கோடு இருக்காது, ஆனால் அசைவு முன்னால் போய்ப் பின்னால் வந்து உதறும். அப்படி உதறினால் `bff`ஐ `tff` ஆக்கிப் போடுங்கள். முழுதாக ஓட்டும் முன் `-i`க்கு முன்னால் `-t 10` சேர்த்துப் பத்து நொடி மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோடு போன பிறகும் சிவப்புப் பட்டின் ஓரத்தில் மட்டும் வண்ணம் வரிவரியாகச் சிந்தியிருந்தால், கடையின் எம்பி4 இரண்டு பாதிகளின் நிறத்தையும் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கும், பெரிதாக்கிக் கெடுத்த கோப்புக்கும் ஒரே வழிதான், கேசட்டுக்கே திரும்ப வேண்டும். கடைக்குப் போய் "ஃபயர்வயர் வழியாக எடுத்த DV கோப்பை அப்படியே கொடுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்" என்று கேளுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறக்குறைய 13 ஜிபி வரும். ஒரு ஜிபி கோப்பைக் கையில் கொடுத்து இதுதான் அசல் என்றால் நம்பாதீர்கள். கேசட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அம்மா பதிவு செய்த படத்துக்கு இந்த வைத்தியம் கூடாது. இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கடைகள்கூடத் தப்பு செய்யும் இடம் இது. திரைப்படம் ஃபிலிமில் நொடிக்கு 24 படமாக எடுத்தது. பால் ஒளிபரப்பில் அதைச் சற்று வேகப்படுத்தி 25ஆக ஓட்டி, ஒவ்வொரு ஃபிலிம் படத்தையும் இரண்டு பாதியாக வெட்டி அனுப்பினார்கள். இரண்டு பாதியும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. திரும்பச் சேர்த்தால் முழுப்படம் தானாக வந்துவிடும், பிரிக்க எதுவுமே இல்லை. அதன்மேல் மேலே சொன்ன கட்டளையை ஓட்டினால் நன்றாக இருந்த கோடுகளில் பாதியைத் தூக்கிப்போட்டுவிட்டு மென்பொருள் ஊகித்து நிரப்பும், முகம் மழுங்கும்.

அதனால் கதாநாயகன் ஓடும் காட்சியில் விஎல்சியின் `Deinterlace`ஐ `Off` செய்து, `E` விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாகப் பாருங்கள். கோடு இல்லையா, தொடாதீர்கள். அசையும் படத்திலெல்லாம் கோடு இருந்தால் உடனே பயப்பட வேண்டாம், பதிவு ஒரு ஃபீல்டு தள்ளித் தொடங்கியிருக்கலாம், அதாவது ஒரு படத்தின் பின்பாதி அடுத்த படத்தின் முன்பாதியோடு ஜோடி சேர்ந்திருக்கும். மேலே உள்ள கட்டளையில் கோப்புப் பெயர்களை மாற்றி, `-vf` பகுதியை இப்படிப் போட்டால் சரியான ஜோடியைத் தேடிச் சேர்க்கும்:

```
-vf "fieldmatch=order=tff,scale=768:576,setsar=1"
```

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. படத்தின் கீழே ஓடிய அறிவிப்பு வரியை நிலையத்தில் வீடியோவாகச் சேர்த்திருப்பார்கள், அதில் மட்டும் கோடு நிற்கும். விட்டுவிடுங்கள். ஒரு வரிக்காக முழுப்படத்தையும் மழுங்கடிக்க வேண்டாம். நடுவே செய்தியும் ஸ்டுடியோ நிகழ்ச்சியும் பதிவாகியிருந்தால் அவை உண்மையான இன்டர்லேஸ், அந்தப் பகுதியைத் தனியாக வெட்டி, `parity=tff` என்று வைத்து `bwdif` போடுங்கள்.

உறவினர்கள் பார்க்க யூடியூபில் ஏற்றப்போகிறீர்கள் என்றால், காவடிக் கட்டளையில் `scale=768:576`ஐ `scale=1440:1080` என்று மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே 720க்குக் குறைவான அளவில் நொடிக்கு 50 படம் கிடைக்காது. பெரிதாக்குவது பிரித்த பிறகுதான் நடக்க வேண்டும், கட்டளையில் `bwdif` முன்னாலும் `scale` பின்னாலும் இருப்பது அதற்காகவே, இடம் மாற்றிவிடாதீர்கள்.