அறிவிப்புத் தமிழ்: ஒரு கடிதம்

அண்ணனுக்கு வணக்கம்.

எங்கள் சபையில் இந்த வருடம் செயலர் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசிப்பது நான்தான். சுத்தத் தமிழில் எழுதி வாசித்தால் பிள்ளைகள் போனைப் பார்க்கிறார்கள். போன மாதம் பேச்சு நடையில் சொல்லிப் பார்த்தேன். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, "டிவில பேசுத மாதிரில்லா இருக்கு மக்ளே" என்றார். எந்தத் தமிழில் சொல்ல வேண்டும்?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் பேச்சுத் தமிழ் என்று நினைத்துப் பேசியது உங்கள் ஊர்ப் பேச்சாக இருந்திருக்காது. மைக் முன்னால் நின்றால் நம் வாய்க்குத் தானாக வருவது டிவி தொகுப்பாளர்களின் தமிழ். அது பாட்டியின் பேச்சும் இல்லை, வீட்டில் நீங்கள் பேசுவதும் இல்லை. சரி, ஊர்ப்பேச்சிலேயே சொல்லலாமா என்றால் விளவங்கோட்டுப் பேச்சு வேறு, தோவாளைப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. வேலைக்கு வந்தும் கல்யாணமாகியும் உங்கள் சபையில் சேர்ந்தவர்கள் வெளியாள் போல உட்கார்ந்திருப்பார்கள். அதனால் வாக்கிய இலக்கணம் எழுத்துத் தமிழாகவே இருக்கட்டும்.

ஆனால் எந்த எழுத்துத் தமிழ்? நம் குமரி மாவட்டத்தின் அன்றைய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. உங்கள் பகுதியில் எண்பது வயதுக்காரர்கள் பலர் சின்ன வயதில் மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள். அவர்களுக்கு எழுத்துத் தமிழ் வந்தது வேதாகமத்திலிருந்தும் பாட்டுப் புத்தகத்திலிருந்தும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்', 'ஸ்தோத்திரம்', 'முதற்பலன்' எல்லாம் அவர்களுக்கு வீட்டுச் சொல் மாதிரி. ஞாயிறுப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கும் இவை தெரியும். இவற்றில் கை வைக்காதீர்கள்.

இரண்டு பேருக்குமே ஒட்டாதது நோட்டீஸ் தமிழ். 'நடைபெறவிருக்கும்', 'பங்குபெறும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று போகுமே, அது. நீங்கள் அனுப்பிய தாளிலேயே ஒன்று இருக்கிறது:

"எதிர்வரும் ஞாயிறு நடைபெறவிருக்கும் அறுப்பின் பண்டிகை ஆராதனையில் சபையார் யாவரும் தங்கள் தங்கள் விளைபொருட்களின் முதற்பலனைக் கொண்டுவந்து படைக்கும்படியும், அதனைத் தொடர்ந்து நடைபெறும் ஏலத்தில் பங்குபெறும்படியும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கண்ணால் படித்தால் புரிகிறது. காதால் கேட்பவர் வினைமுற்று வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காது மந்தமானவருக்கு நடுவில் ஒரு சொல் தவறினால் முழுதும் போயிற்று. அப்புறம், 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றால் யார்? எதிரே உட்கார்ந்திருப்பவர்களையே வேறு யாரோ போலச் சொல்கிறோம். பிள்ளைகள் போனை எடுப்பது இந்த இடத்தில்தான் என்பது என் சந்தேகம். நான் இப்படி எழுதுவேன்:

"வருகிற ஞாயிறு, 16ஆம் தேதி, அறுப்பின் பண்டிகை. காலை ஒன்பது மணிக்கு ஆராதனை. கர்த்தர் நமக்குத் தந்த விளைச்சலின் முதற்பலனைக் கொண்டு வாருங்கள். வாழைக்குலை, தேங்காய், மரச்சீனி, எதுவானாலும் சரி. தோட்டம் இல்லாதவர்கள் வீட்டில் செய்த பலகாரம் கொண்டு வரலாம். சனிக்கிழமை மாலையே ஆலயத்தில் கொடுத்துவிடலாம். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஞாயிறு, 16ஆம் தேதி, காலை ஒன்பது மணி."

'முதற்பலன்' அப்படியே இருக்கிறது. பொருள்களின் பெயர் மட்டும் ஊர்ப்பெயர். வாழைத்தார், மரவள்ளிக்கிழங்கு என்று எழுதினால் நம் ஊரில் கேட்பவர் மனதில் குலையும் மரச்சீனியும் வருவதற்கு ஒரு நொடி பிந்தும். 'தோட்டம் இல்லாதவர்கள்' என்ற வரி இளையவர்களுக்காக. 'தங்கள் விளைபொருள்' என்றதும், இது அப்பாவுக்குச் சொல்வது என்று அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். அது நடையின் குற்றமே இல்லை. நாளும் மணியும் இரண்டு முறை வருவது காது மந்தமானவர்களுக்காக. ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டு 'அடுத்த ஞாயிறு' என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் ஒரு வாரம் தள்ளி எண்ணுவார்கள். அதனால்தான் தேதி.

'வாருங்கள்' என்பது வாசிக்கும்போது 'வாங்க' என்று வந்தால் வரட்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 'வந்துடுங்க' வேண்டாம், பாட்டி மறுபடி கையைப் பிடிப்பார்.

இன்னொன்று, 'நாங்கள்' வருகிற இடங்களைப் பாருங்கள். "நாங்கள் ஏற்பாடு செய்திருக்கிறோம்" என்றால் கமிட்டி ஒரு பக்கம், சபை மறுபக்கம். கமிட்டி மட்டும் செய்த வேலைக்கு அது பொருந்தும். பண்டிகைக்கு 'நாம்'தான்.

மரண அறிவிப்பில் மட்டும் பழைய வாக்கியத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசியுங்கள். அடக்கம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதைத் தனி வாக்கியமாகச் சொன்னால் போதும்.

எழுதியதைச் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் யாருக்காவது ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, அந்தப் பாட்டியிடமும் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவனிடமும், "என்றைக்கு, எத்தனை மணிக்கு, என்ன கொண்டுவரணும்?" என்று கேட்டுப் பாருங்கள். இருவரில் யார் எந்தக் கேள்வியில் திணறினார் என்று எனக்கும் எழுதுங்கள்.