தீபாவளிப் பொட்டி 180: எதை எத்தனை வாங்கறது, எப்படி விடாம போடறது

பெருமாநல்லூரிலிருந்து ஒருவர்: அக்கா, எங்க பனியன் கம்பெனில 172 பேருங்க. மாஸ்டர், டிரைவர், ஜாப்வொர்க் ஆளுக சேர்த்தா 180 பொட்டி. எல்லாம் ஒரே மாதிரி. என்னென்ன வைக்கணும்னு முதலாளி சொல்லிட்டாரு. எதை எத்தனை வாங்கணும்னு எனக்குத்தான் பிடிபடலைங்க.

ஆக்சசரீஸ் ஸ்டோர்ல 16 வருசம் பட்டனும் லேபிளும் எண்ணுனவ நான். பொட்டியும் அதே கணக்குத்தானுங்க. மொதல்ல 180-ஐ அடிச்சுட்டு 184-னு எழுதுங்க. குடுக்கற அன்னைக்கு வாட்ச்மேனோட மாத்தாளு, டீக்கடைக்காரர்னு விட்டுப்போன முகம் நாலு வந்து நிக்கும். அப்பப் போய் ஒவ்வொண்ணா வாங்க முடியாது. அந்த நாலும் முழுப் பொட்டியாவே இருக்கட்டும்.

இனி ஒவ்வொரு பொருளுக்கும் மூணு கேள்வி. ஒரு பொட்டிக்கு எத்தனை? வழியில எத்தனை உடையும்? கடைக்காரர் எத்தனை எத்தனையாக் கட்டிக் குடுப்பாரு? கடைசிக் கேள்வியைத்தான் எல்லாரும் மறக்கறாங்க. நீங்க அனுப்புன பட்டியலை வெச்சு நான் போட்ட கணக்கு இது:

| பொருள் | பொட்டிக்கு | 184-க்கு | உடைசல் சேர்த்து | ஒரு கட்டு | வாங்கறது |
|---|---|---|---|---|---|
| ஸ்வீட், அரைக் கிலோ டப்பா | 1 | 184 | 184 | ஆர்டர் | 184 |
| மிக்சர், கால் கிலோ | 2 | 368 | 368 | 20 | 380 |
| ஊத்துக்குளி நெய், 200 மி.லி. | 1 | 184 | 188 | 24 | 192 |
| கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை, அரைக் கிலோ | 1 | 184 | 184 | 25 | 200 |
| ஈரோட்டு மஞ்சத்தூள், 100 கிராம் | 1 | 184 | 184 | 50 | 200 |
| சென்னிமலைத் துண்டு | 2 | 368 | 368 | 12 | 372 |
| அகல் | 4 | 736 | 773 | 50 | 800 |
| அட்டைப்பெட்டி | 1 | 184 | 190 | 25 | 200 |

அகலுக்கு 100-க்கு 5 உடைசல், நெய் கண்ணாடி பாட்டில்ங்கறதால 100-க்கு 2, அட்டைப்பெட்டிக்கு 3 போட்டிருக்கேன். கட்டு எத்தனைங்கறது கடைக்குக் கடை மாறும், கேட்டுட்டுப் போடுங்க. கம்ப்யூட்டர்ல போடறதா இருந்தா B1-ல 184, நாலாவது வரியில இருந்து B பத்தியில பொட்டிக்கு எத்தனை, C-ல உடைசல் 5%-னு சதவீதக் குறியோட, D-ல கட்டு, E4-ல கீழ இருக்கற கணக்கு. கட்டு இல்லாததுக்கு D-ல 1 போடுங்க.

```
=ROUNDUP(ROUNDUP($B$1*B4*(1+C4),0)/D4,0)*D4
```

ஈரோட்டிலிருந்து ஒருவர்: இத்தனை தலைவலி எதுக்குங்க? எல்லாத்துலயும் 10 சதவீதம் கூட வாங்கிப் போட்டா முடிஞ்சுது. நாங்க அப்படித்தான் பண்றோம்.

அகலுக்கு நீங்க சொல்றது தப்பில்லைங்க, ரோடு மோசமா இருந்தா 10 கூட வேணும். ஆனா துண்டு உடையாதே! 368-க்கு 10 சதவீதம்னா 405, டஜன் கணக்குல 34 டஜன், 408 துண்டு. 31 டஜன் போதுமான எடத்துல மூணு டஜன் காசு சும்மா போகுது. ஸ்வீட்டுல அதே மாதிரி பண்ணுனா 19 டப்பா மிஞ்சும். நெய் ஸ்வீட்டை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க? கட்டு கணக்குலயே மஞ்சத்தூளும் சர்க்கரையும் 16 மிஞ்சிருது பாருங்க. அதுக்கு மேல சதவீதம் எதுக்கு?

தாராபுரத்திலிருந்து ஒருவர்: மாசம் 300 ரூபா கட்டுனா இந்தப் பொட்டியும் குடுப்பீங்களா? வெள்ளிக் காசு உண்டுங்களா?

இது தீபாவளிச் சீட்டு இல்லைங்கண்ணா. கம்பெனில ஆளுகளுக்குக் குடுக்கற பொட்டியைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.

பெருமாநல்லூர்க்காரர் மறுபடி: வாங்கியாச்சுன்னு வெச்சுக்கலாம். ஆறு பேரு உக்காந்து போடும்போது எதாச்சும் விட்டுப்போச்சுன்னா எப்படிங்க்கா கண்டுபிடிக்கறது?

இதுலதான் நான் சூடுபட்டவ. ஒரு வருசம் 150 பொட்டி போட்டு, டேப் ஒட்டி, அடுக்கி முடிச்சுட்டு நிமிர்ந்து பாத்தா மேசைக்கடியில மூணு நெய் பாட்டில் நிக்குது. கூடுதலா வந்ததா, மூணு பொட்டியில இல்லையா? தெரியாது. வந்தப்ப நான் எண்ணலை, அட்டை மேல இருந்த நம்பரை நம்பிட்டேன். 150-ஐயும் பிரிச்சோம். ராத்திரி ஒண்ணரை மணி ஆச்சு.

அதுக்கப்பறம் மொத்தச் சரக்கையும் ஒரே மேசையில கொட்டறதே இல்லை. 184-ஐ எட்டெட்டாப் பிரிங்க, சரியா 23 சுத்து வரும். ஒரு சுத்துக்கு நெய் 8, மிக்சர் 16, துண்டு 16, அகல் 32. இந்த எண்ணிக்கையை ஒரு சீட்டுல எழுதி, ஒரே ஆளு ஸ்டோர்ல இருந்து எண்ணி எடுத்துட்டு வரணும். பொட்டி போடறவங்க ஸ்டோர்ப் பக்கம் போகவே கூடாது. எட்டு பொட்டி முடிஞ்சா மேசை காலியா இருக்கணும். ஒரு அகல் மிஞ்சுனாலும் தப்பு அந்த எட்டுக்குள்ளதான் இருக்கு. ஸ்வீட் டப்பா ஏறற வரைக்கும் எந்தப் பொட்டிக்கும் டேப் கிடையாது. ஏறுனதும் மூடறவர் பக்கவாட்டுல சுத்து நம்பரைப் பென்சில்ல எழுதட்டும்.

மேசை நடுவுல மாதிரிப் பொட்டி ஒண்ணு தெறந்தே இருக்கட்டும். அதை அட்டைப்பெட்டி ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே போட்டுப் பாருங்க. அளவெடுத்து ஆர்டர் குடுத்து, நெய் பாட்டில் மூடி முட்டிக்கிட்டு மேல்மடிப்பு மூடாம போன கதை நெறைய உண்டு.

கோவையிலிருந்து, பம்ப்செட் அசெம்ப்ளியில் இருந்து ஓய்வு பெற்றவர்: அம்மணி, நாங்க ஸ்பேர் கிட் போடறப்ப மூடுனதும் எடை போட்ருவோம். குறைஞ்சா தள்ளி வெச்சுருவோம். உங்க பொட்டிக்கும் அதே போதுமே?

போடலாமுங்கய்யா, நானும் போடறேன். ஆனா உங்க பேரிங்கும் சீலும் ஒரே எடையா வரும். இங்க கையால பண்ணுன அகலு, கையால நிறுத்த ஸ்வீட்டு. முழுசா இருக்கற பத்துப் பொட்டியை நிறுத்துப் பாத்தப்பவே எனக்கு 35 கிராம் வரைக்கும் ஏறி எறங்குச்சு. மஞ்சத்தூள் விட்டுப்போனா 100 கிராம் குறையும், தராசு காட்டிக் குடுத்துரும். நெய் பாட்டில் பேச்சே வேண்டாம், நெய்யே 180 கிராம் இருக்குது. ஒரு துண்டு எங்களுது 120 கிராம், அதும் மாட்டிக்கும். ஒரு அகல் 30 கிராம்தான், தராசு அதைப் பாக்காது. அகலுக்கு மேசை காலியாகறதுதான் சாட்சி. அதனால ரெண்டும் வேணும்.

அவரே மறுபடி: ஒத்துக்கறேன். ஆனா ஒரு பொட்டியை முழுசா ஒரே ஆளு போடறதை விட, வரிசையா உக்காந்து ஆளுக்கு ஒரு பொருள் வெச்சுத் தள்ளி விடுங்க. கை பழகிரும், தப்பே வராது.

கை பழகறது உண்மைங்க. வரிசையில ஒருத்தர் போன் வந்து எந்திரிச்சா, அந்த நேரத்துல போன பொட்டிக்கெல்லாம் அந்தப் பொருள் கிடையாதுங்கறதும் உண்மை. எங்கூட்டு ஆளுகளுக்கு முழுப் பொட்டி முறைதான் சரியா வந்துச்சு. 500, 1000 போடறவங்க உங்க முறைதான் வேகம்கறாங்க. நான் அத்தனை போட்டதில்லை, உங்க பேச்சை மறுக்கவும் முடியலை.

கோபியிலிருந்து ஒருவர்: ஸ்வீட் குடுக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வருமுங்க. அது வரைக்கும் எல்லாரும் சும்மா இருக்கறதா?

வேண்டாமுங்க. ரெண்டு கட்டமாப் போடுங்க. ஸ்வீட் கடையில காலி டப்பா ஒண்ணு முன்னாடியே வாங்கி மாதிரிப் பொட்டியில வெச்சு, மேல எத்தனை எடம் வேணும்னு பாத்துக்கோங்க. மூணு நாள் முன்னாடியே அடியில சர்க்கரை, ஓரத்துல நெய் நிமிந்த வாக்குல, துண்டுக ரெண்டுக்கும் நடுவுல அகல், பக்கத்துல மிக்சர்னு போட்டுட்டு, மேல் மடிப்பை மட்டும் சாத்தி அடுக்குங்க. அகலுக்குத் துண்டுதான் மெத்தை, தனியாக் காயிதம் வேண்டியதில்லை. மஞ்சத்தூள் பாக்கெட்டை இன்னொரு கவருக்குள்ள போடுங்க, ஓரம் பிரிஞ்சா வெள்ளைத் துண்டு காலி. ஸ்வீட் வந்த அன்னைக்கு மறுபடி எட்டெட்டாத்தான் எறக்கணும், ஒரு சுத்துக்கு எட்டு டப்பா.

பூஜைக்குன்னு கற்பூரம் சேக்கறவங்க கவனிங்க. நல்ல டப்பாவுல இல்லைன்னா ஒரே ராத்திரியில ஸ்வீட்டுல கற்பூர வாசம் ஏறிரும். நான் சேக்கறதே இல்லை.

பல்லடத்திலிருந்து ஒருவர்: நாங்க துண்டுக்குப் பதிலா டி-ஷர்ட் வைக்கறோம் அக்கா. S, M, L எல்லாம் எப்படிப் பிரிச்சுப் போடறது?

பொட்டிக்குள்ள போடாதீங்க. சைஸ் உள்ள போன நிமிசமே அது ஒரே மாதிரிப் பொட்டி இல்லை, மூணு வகைப் பொட்டி. எந்தப் பொட்டி யாருக்குன்னு பேரு எழுதணும், குடுக்கறப்ப தேடணும், எடையும் மாறும். பொட்டியை எல்லாருக்கும் ஒண்ணாக் குடுத்துட்டு, டி-ஷர்ட்டைத் தனி மேசையில சைஸ் பாத்துக் குடுங்க.

அவிநாசியிலிருந்து ஒருவர்: எங்களுக்கு நேத்தே 120 பொட்டி முடிஞ்சுது, டேப்பும் ஒட்டியாச்சு. பொட்டிக்கு ரெண்டு துண்டு. 21 டஜன் வாங்குனோம். கையில 13 மிச்சம் இருக்குது. சரிதானுங்களா?

21 டஜன் 252. 240 உள்ள போயிருந்தா 12 மிஞ்சணும். உங்ககிட்ட ஒண்ணு கூட. ஒரு பொட்டியில ஒத்தத் துண்டு இருக்கணும், இல்லைன்னா ஏதோ ஒரு டஜன்ல 13 வந்திருக்கணும். வந்தப்ப பிரிச்சு எண்ணியிருந்தீங்கன்னா இப்ப ரெண்டாவது பேச்சுக்கே எடமில்லை.

பிரிக்காதீங்க. 120-ஐயும் தராசுல வெச்சு எடையைச் சீட்டுல எழுதுங்க, ரெண்டு பேரு இருந்தா ஒரு மணி நேரம். துண்டு ஒண்ணு 120 கிராம் பக்கம் இருந்தா, குறைஞ்ச பொட்டி தனியாத் தெரியும். ரொம்ப லேசா இருக்கற அஞ்சை மட்டும் தெறந்து பாருங்க. சன்னத் துண்டா இருந்து 50 கிராம்தான்னா தராசால உறுதியாச் சொல்ல முடியாது. அப்படி எதுவும் ஆப்புடலைன்னா அந்தப் பதிமூணாவது துண்டை யாருக்கும் குடுத்துராம மேனேஜர் மேசையில வெச்சிருங்க. ஒத்தத் துண்டோட யாராச்சும் வந்தா எடுத்துக் குடுத்துக்கலாம்.