கூலிங் டவர் பம்ப்: தொட்டியில் மட்டம் குறைந்தால் கேவிடேஷன் வருமா?

கேள்வி: எங்கள் கூலிங் டவர் தொட்டியில் தண்ணீர் மட்டம் வழக்கத்தைவிட அரை மீட்டர் குறைந்துவிட்டது. பம்ப்பில் ஜல்லி உருளுவது போன்ற சத்தம் விட்டுவிட்டு வருகிறது. பாய்வு மணிக்கு 900 கனமீட்டர், சக்ஷன் குழாய் 400 மி.மீ., தண்ணீர் 35 டிகிரி, பம்ப் வளைவரையில் தேவைப்படும் என்.பி.எஸ்.எச். 5.5 மீட்டர். சம்ப்பின் அடியில் உள்ள குழாய் வாய் 650 மி.மீ. அகலத்துக்கு விரிந்திருக்கிறது, அது பம்ப் மையத்துக்கு 0.3 மீட்டர் மேலே இருக்கிறது. இப்போது வாய்க்கு மேல் 0.7 மீட்டர் தண்ணீர் நிற்கிறது. இது கேவிடேஷன்தானா? பம்ப்பை நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்கள் தந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், மட்டம் குறைந்தது மட்டுமே இந்தப் பம்ப்பை, அழுத்தம் விழுந்து தண்ணீர் ஆவிக் குமிழிகளாகி உடையும் கேவிடேஷனுக்குள் தள்ளிவிட முடியாது. சுழி வழியாகக் காற்று உள்ளே போகிறது என்பதே என் முதல் சந்தேகம். அதை உறுதி செய்வதற்கு முன் கணக்கை முடித்துவிடுவோம்.

பம்ப் வாயில் கிடைக்கும் என்.பி.எஸ்.எச். என்பது, தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடாமல் காக்கும் அழுத்தம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மீட்டரில் சொல்லும் அளவு. வளிமண்டல அழுத்தமும் பம்ப் மையத்துக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரமும் அதைக் கூட்டுகின்றன. நீராவி அழுத்தமும் சக்ஷன் குழாயின் உராய்வு இழப்பும் குறைக்கின்றன.

```
NPSHa = Hatm + Hz - Hvp - Hf
```

கடல்மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 10.4 மீட்டர். வாய்க்கு மேல் 0.7, வாய்க்கும் பம்ப் மையத்துக்கும் இடையே 0.3, ஆக 1.0 மீட்டர் தண்ணீர். 35 டிகிரி தண்ணீரின் நீராவி அழுத்தம் ஏறக்குறைய 0.6 மீட்டர். குழாயில் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் என்பதால், ஓர் எல்போ, ஒரு வால்வு, சுத்தமான ஸ்ட்ரெய்னர் ஆகியவற்றுடன் கூடிய குட்டையான குழாய்க்கு 0.6 மீட்டர் இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கிடைப்பது 10.2 மீட்டர், தேவைப்படுவது 5.5 மீட்டர். மட்டம் வழக்கம்போல் இருந்தபோது கிடைத்தது 10.7 மீட்டர்தான், அரை மீட்டர் இறங்கியதால் போனதும் அரை மீட்டர்தான். உங்கள் ஆலை 900 மீட்டர் உயரமுள்ள இடத்தில் இருந்தால் வளிமண்டல அழுத்தம் 9.3 மீட்டராகக் குறையும், அப்போதும் 9 மீட்டருக்கு மேல் கையில் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளைவரையில் அச்சிட்டிருக்கும் 5.5 என்பது கேவிடேஷன் இல்லாத எல்லை அல்ல. கேவிடேஷனால் பம்ப்பின் அழுத்த உயரம் 3 சதவீதம் விழுந்துவிட்ட நிலை அது. அதனால் அந்த எண்ணை எட்டினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. கூலிங் டவர் பம்ப்புகளுக்கு நான் தேவைப்படும் அளவைப் போல 1.3 மடங்கு, அல்லது அதைவிட 1 மீட்டர் கூடுதல், இவற்றில் எது பெரியதோ அதைக் கேட்பேன். உங்களுக்கு அது 7.15 மீட்டர்.

கணக்கில் நான் ஊகித்த ஒரே பெரிய எண் உராய்வு இழப்பு. மட்டம் இறங்கும்போது அடியில் படிந்த சேறும் பாசியும் இழுபட்டு வந்து ஸ்ட்ரெய்னரை அடைப்பது சாதாரணமாக நடப்பது என்பதால், இந்த எண்ணை மட்டும் அளந்தே பார்க்க வேண்டும். பம்ப்பின் சக்ஷன் ஃபிளாஞ்சில் ஒரு காம்பவுண்ட் கேஜைப் பொருத்தி, அதைப் பம்ப் மையத்தின் உயரத்தில் வைத்துப் படியுங்கள். ஸ்ட்ரெய்னர் சுத்தமாக இருந்தால் முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். கடல்மட்டத்தில் அது 0.28 பார் வெற்றிடத்தைக் காட்டினால் கிடைக்கும் என்.பி.எஸ்.எச். நான் கேட்கும் 7.15 மீட்டருக்கு இறங்கிவிட்டது என்று பொருள். 0.4 பார் காட்டினால் 5.9 மீட்டர்தான் மிச்சம். அப்போது நீங்கள் கேட்கும் சத்தம் கேவிடேஷனாகவே இருக்கலாம், ஸ்ட்ரெய்னரைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் வழி. இணையாக ஓடும் இன்னொரு பம்ப் நின்றுபோய் இந்தப் பம்ப் 900-ஐத் தாண்டித் தள்ளும்போதும் இதே நிலை வரும், ஏனெனில் அப்போது தேவைப்படும் அளவும் உராய்வு இழப்பும் சேர்ந்தே ஏறுகின்றன.

கேஜ் பூஜ்யத்தை ஒட்டி நின்றால், பார்வையைச் சம்ப்பின் பக்கம் திருப்ப வேண்டும். குழாய் வாய்க்கு மேல் போதுமான தண்ணீர் இல்லாவிட்டால் மேற்பரப்பில் சுழி உருவாகிக் காற்றை இழுக்கும். இதற்கான வழக்கமான சூத்திரம் இது. இதில் S வாய்க்கு மேல் தேவைப்படும் தண்ணீரின் உயரம், அதாவது மூழ்கல், D வாயின் விட்டம், V வாயில் தண்ணீரின் வேகம்.

```
S = D * (1 + 2.3 * V / sqrt(g * D))
```

உங்கள் 0.65 மீட்டர் வாயில் வேகம் 0.75, தேவைப்படும் மூழ்கல் 1.1 மீட்டர். முன்பு வாய்க்கு மேல் 1.2 மீட்டர் நின்றது, அதனால் தொல்லை இல்லை. இப்போது 0.7 மீட்டர்தான் நிற்கிறது. என்.பி.எஸ்.எச். கணக்கில் துச்சமாகத் தெரிந்த அதே அரை மீட்டர், இங்கே பம்ப்பை எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விட்டது. பாய்வைப் பாதியாகக் குறைத்தாலும் தேவை 0.87 மீட்டர் என்பதால், டெலிவரி வால்வை மூடியே இதைச் சமாளித்துவிட முடியாது.

மட்டத்தை எங்கே அளந்தீர்கள் என்பதும் முக்கியம். தொட்டிக்கும் சம்ப்புக்கும் நடுவில் உள்ள வலைத் தட்டு அடைத்திருந்தால், வலைக்கு அப்பால் சம்ப்பில் தண்ணீர் இன்னும் 10 அல்லது 20 செ.மீ. தாழ்ந்திருக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, வலைக்கு உள்பக்கம், சம்ப்பிலேயே அளவுகோலை இறக்கிப் பாருங்கள். அங்கேயே சற்று நேரம் நின்று மேற்பரப்பையும் கவனியுங்கள். வெறும் குழிவு விழுந்து மறைந்தால் பொறுக்கலாம். குழிவின் நுனியிலிருந்து குமிழிகள் கீழே இழுபட்டால் காற்று போகிறது. சுழியின் நடுவில் வாய் வரைக்கும் ஒரு காற்றுத்தண்டு தொடர்ந்து நின்றால் பம்ப்பை நிறுத்திவிடுங்கள்.

பம்ப் பக்கத்திலும் இரண்டையும் பிரித்தறியலாம். கேவிடேஷன் சத்தம் ஒரே சீராக இருக்கும். டெலிவரி வால்வைச் சற்று மூடினால் தேவைப்படும் அளவு குறைவதால் உடனே தணியும். காற்றால் வரும் சத்தம் உங்களுக்கு வருவதைப் போலவே விட்டுவிட்டு வரும். அதே நொடியில் அம்மீட்டர் முள்ளும் டெலிவரி கேஜும் ஆடும். பம்ப் கூட்டின் மேலுள்ள காற்று வால்வைத் திறந்தால் தண்ணீரோடு காற்றும் சீறிக்கொண்டு வெளியேறும். சில சதவீதக் காற்றுக்கே பம்ப்பின் அழுத்தம் தெளிவாக விழும், அதற்கு மேல் போனால் பிரைம் கழன்று மெக்கானிக்கல் சீல் உலர்ந்து ஓடும். வால்வை மேலும் மேலும் மூடும்போது சத்தம் கூடினால், அது குறைந்த பாய்வில் வரும் சக்ஷன் மறுசுழற்சி, மறுபடி திறந்துவிடுங்கள்.

முதலில் மேக்அப் மிதவை வால்வும் புளோடவுன் வால்வும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்த்து, ஓடும்போது சம்ப்பில் வாய்க்கு மேல் 1.1 மீட்டராவது நிற்கும்படி மட்டத்தை ஏற்றுங்கள். அதுவரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால், சுழி விழும் இடத்தில் ஒரு மரச்சட்டப் பரப்பைக் கயிற்றால் கட்டி மிதக்கவிடுங்கள்; மேற்பரப்புச் சுழி உடைந்துவிடும். கயிறு உறுதியாக இருக்க வேண்டும், சட்டம் வாய்க்குள் போய்விட்டால் அடைப்பு வரும். மட்டத்தை நிரந்தரமாகவே உயர்த்த முடியாத அமைப்பு என்றால், வாயின் மேல் கம்பித் தட்டும் குறுக்குத் தகடும் கொண்ட சுழி தடுப்பானைப் பொருத்துங்கள். அதைப் பொருத்திய பிறகு அது கூட்டும் இழப்பையும் சேர்த்து, கேஜை மறுபடி ஒருமுறை படித்து 0.28 பார் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.