ஆய்வக நேரத்துக்குப் பின் அனுமதி: பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதுவது எப்படி?

கேள்வி: பி.டெக். பயோடெக்னாலஜி இறுதியாண்டு படிக்கிறேன். மண்ணில் இருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு வளர்ச்சி வரைபடம் போட வேண்டும். ஆய்வகம் 4.30க்கு மூடிவிடுகிறது. "இரவில் ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி தாருங்கள்" என்று மேடத்துக்கு மெயில் அனுப்பி ஒரு வாரம் ஆகிறது, பதிலே இல்லை.

அந்த வரிக்கு அவர் என்ன பதில் எழுத முடியும்? எந்த இரவு, எத்தனை மணி வரை, எந்தக் கருவி, கூட யார் என்று எதுவும் அதில் இல்லை. சரி என்று சொன்னால் ஆய்வகப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில்தான் விழும்.

முதலில் சோதனையை நேரத்தோடு எழுதிப் பாருங்கள். ஊடகத்தை முந்தைய நாளே ஆட்டோகிளேவ் செய்து வைத்துவிட்டால் காலை 9.15க்கு விதைக்கலாம். அரை மணிக்கு ஒரு முறை 600 நானோமீட்டரில் ஓ.டி. எடுக்கிறீர்கள். 30 டிகிரியில் மெதுவாக வளரும் இனம் என்றால் மாலை நாலு மணிக்கும் அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கும். அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் காலை ஒரு புள்ளி எடுத்தால், வளர்ச்சி எப்போது தேங்கியது என்பதே வரைபடத்தில் தெரியாது. உங்கள் காரணம் இதுதான். இதை மெயிலில் ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒரு ஒத்திகை ஓட்டத்தின் அளவுகளையும் இணைத்தால் கோரிக்கைக்கு வலு கூடும்.

ஆங்கிலத்தில் அனுப்பினாலும் வரிசை இப்படி இருக்கட்டும்:

> பொருள்: திட்டப்பணி – பிப்ரவரி 10, 11, 12 மாலை 4.30 முதல் 9.00 வரை ஆய்வக அனுமதி
>
> வணக்கம் மேடம்,
>
> எங்கள் வளர்ச்சி வரைபடத்தில் மாலை 4.30க்கும் ஓ.டி. ஏறிக்கொண்டிருக்கிறது. ஒத்திகை ஓட்டத்தின் அளவுகளை இணைத்துள்ளேன். தேக்க நிலை வரை அளக்க, மேற்கண்ட மூன்று நாட்களும் இரவு 9.00 வரை அனுமதி வேண்டுகிறேன். நாளுக்கு ஒரு ஓட்டம்.
>
> ஷேக்கர், ஸ்பெக்ட்ரோ, லாமினார் மட்டும் பயன்படுத்துவோம். மாதிரி எடுக்கும்போது மட்டும் லாமினாருக்குள் ஸ்பிரிட் விளக்கு எரியும். ஆட்டோகிளேவைத் தொட மாட்டோம். பயன்படுத்திய ஃபிளாஸ்க்குகளை மூடி, பெயர் ஒட்டி வைத்து, மறுநாள் காலை ஆய்வக உதவியாளர் முன்னிலையில் கிருமி நீக்கம் செய்வோம்.
>
> நானும் என் திட்டக் கூட்டாளியும் கடைசி வரை சேர்ந்தே இருப்போம். சாவியை யாரிடம் வாங்கி, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால் அதன்படி செய்கிறோம்.

ஸ்பிரிட் விளக்கைப் பற்றிய வரியை எடுத்துவிடாதீர்கள். பயந்துகொண்டு "நெருப்பே பயன்படுத்த மாட்டோம்" என்று எழுதும் மாணவர்கள் உண்டு. ஃபிளாஸ்க்கைத் திறந்து மாதிரி எடுக்க விளக்கு வேண்டும் என்பது மேடத்துக்குத் தெரியும். யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள் என்று அந்த ஒரு வரியிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.

அனுப்பி இரண்டு வேலை நாள் கழித்தும் பதில் வராவிட்டால், மெயிலை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். அது தொந்தரவு ஆகாது. கையெழுத்துப் போடக் காகிதம் இருந்தால் அவருக்கும் வேலை எளிது.

கேள்வி: சிவில் மாணவன் நான். கான்கிரீட் க்யூப்களை 28ஆம் நாள் உடைக்க வேண்டும். விடுமுறையில் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஞாயிறு அனுமதி கேட்டு இப்போதே எழுதிவிடலாமா?

வேண்டாம், முதலில் நாள்காட்டியை எடுங்கள். 7ஆம் நாளும் 28ஆம் நாளும் வார்த்த அதே கிழமையில்தான் வரும், இரண்டும் முழு வாரக் கணக்கு. செவ்வாயன்று வார்த்தால் இரண்டு சோதனையும் செவ்வாய்தான். சனிக்கிழமை மட்டும் வார்க்காதீர்கள், மறுநாள் அச்சைக் கழற்ற ஞாயிறு வர வேண்டியிருக்கும்.

பண்டிகைதான் மாட்டிவிடும். 2025 டிசம்பர் 18 அன்று வார்த்தால் 28ஆம் நாள் 2026 ஜனவரி 15, பொங்கல். அந்த வாரத்தைத் தவிர்த்து வார்க்க வழியே இல்லை என்றால் மட்டும் எழுதுங்கள். அப்போதும் அறைச் சாவியை மட்டும் கேட்டுப் பயனில்லை. அமுக்கு இயந்திரத்தை இயக்குபவர் வர வேண்டும், அவருக்கும் அன்று பொங்கல். எத்தனை க்யூப், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லி, அவரிடம் முன்பே பேசிவிட்டதையும் மெயிலில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: பேராசிரியர் சரி என்று பதில் போட்டுவிட்டார். ஆனாலும் விடுதியில் இரவு 7 மணிக்கு மேல் விட மறுக்கிறார்கள். நான் மாணவி.

பேராசிரியரின் அனுமதி ஆய்வகக் கதவு வரைக்கும்தான். அதே மெயில் தொடரிலேயே அவருக்கு எழுதுங்கள்: "சார், விடுதிக் காப்பாளருக்குத் துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதம் தேவைப்படுகிறது. வரைவை இணைத்துள்ளேன்." தேதி, திரும்பும் நேரம், கூட வருபவர் பெயர், ஆய்வக அறை எண் நான்கும் வரைவில் இருக்கட்டும். அதன் நகல் ஒன்றை வாயில் காவலரிடம் கொடுத்துவையுங்கள். 9 மணிக்கு வேலை முடியும் என்றால் திரும்பும் நேரத்தை 9.30 என்று போடுங்கள். கழுவித் துடைத்துப் பூட்டுவதற்கு அரை மணி நேரம் ஓடிவிடும்.